அறுபது வாட்டை மிச்சம் பிடிக்கும் ஒரு வளைகோடு

கேம் ஆடத் தொடங்கி அரை மணி நேரத்தில் அறை புழுங்குகிறது, கணினிப் பெட்டிக்குள் ஃபேன்கள் இரைகின்றன என்றால் பெரும்பாலும் காரணம் கிராபிக்ஸ் கார்டுதான். இதற்குப் பலரும் இன்னும் இரண்டு ஃபேன் வாங்கி மாட்டுகிறார்கள், அல்லது பெரிய கேபினட்டுக்கு மாறுகிறார்கள். அதனால் சிப் கொஞ்சம் குளிரும். அறை குளிராது. கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகித்தான் வெளியே வருகிறது. 320 வாட் இழுக்கும் கார்டு, எத்தனை ஃபேன் வைத்தாலும் 320 வாட் வெப்பத்தைத்தான் அறைக்குள் கொட்டும். அறைச் சூடு குறைய வேண்டுமானால் இழுக்கும் வாட் குறைய வேண்டும். அதைச் செய்ய எதையும் வாங்கத் தேவையில்லை. இலவச மென்பொருளும் பொறுமையாகச் சோதித்துப் பார்க்க ஒரு மாலைப் பொழுதும் போதும்.

என்விடியா நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 கார்டையே எடுத்துக்கொள்வோம். பழைய பொருள் சந்தையில் இன்றும் புழங்கும் கார்டு அது. அதற்கு நிறுவனம் விதித்த மின் உச்சவரம்பு 320 வாட். முந்தைய தலைமுறையின் 2080 கார்டுக்கு அது 215 வாட்டாக இருந்தது. வேகத்துக்காகத்தான் இந்த ஏற்றம். ஆனால் அந்த வேகத்தின் கடைசித் துளிக்குத்தான் மிக அதிக மின்சாரம் செலவாகிறது.

காரணம் வோல்டேஜ். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வார்த்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 0.85 வோல்ட்டிலேயே 1800 மெகாஹெர்ட்ஸ் ஓடும். பக்கத்தில் இருந்த இன்னொன்றுக்கு அதே வேகத்துக்கு 0.9 வோல்ட் வேண்டியிருக்கும். லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனம் ஒவ்வொரு சிப்புக்கும் தனியாக அளவெடுக்காது. பள்ளிக்கூடச் சீருடையைப் பெரிய பிள்ளையின் அளவுக்கே எல்லோருக்கும் தைத்தது போல, இருப்பதிலேயே மந்தமான சிப்பும் கொதிக்கும் வெயிலில் தடுமாறாமல் ஓடும்படி ஒரு வோல்டேஜை எல்லாக் கார்டுக்கும் வைத்துவிடுகிறது. நம் கையில் இருக்கும் கார்டுக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது.

அந்த உபரி வோல்டேஜ் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதை ஒரு சிறு சூத்திரம் காட்டும். சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய இப்படி மாறுகிறது:

```
P ∝ V² × f
```

இதில் V வோல்டேஜ், f கிளாக் வேகம். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் வாட்டும் பத்து விழுக்காடுதான் குறையும். வோல்டேஜைப் பத்து விழுக்காடு குறைத்தாலோ, அது இருமடி என்பதால், பத்தொன்பது விழுக்காடு குறைகிறது.

3080-க்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கனமான கேம் ஒன்றில் அது 1 வோல்ட்டில் 1875 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.85 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றினால், 0.85-இன் இருமடி 0.72. வேகம் 0.96 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.69. அதாவது சிப் மட்டும் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். 320 வாட்டில் சிப்பின் பங்கு 210 என்று கொண்டால் அது 146 ஆகிவிடும். மீதி 110 வாட் நினைவகத்துக்கும் ஃபேனுக்கும் மின்சுற்றின் இழப்புக்கும் போவது, அதில் மாற்றமில்லை. மொத்தம் 256 வாட். கொடுத்த விலை நான்கு விழுக்காடு கிளாக். நினைவகத்தின் வேகம் அப்படியே இருப்பதால் கேமில் தெரியும் இழப்பு பல நேரங்களில் அதைவிடவும் குறைவு. நொடிக்கு 100 ஃபிரேம் வந்த இடத்தில் 97 வந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இதை அடைய இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, பவர் லிமிட்டைக் குறைப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், கார்டு எந்த நிறுவனத்துடையதானாலும், Power Limit என்ற நகர்த்தி 100-இல் நிற்கும். அதை 80-க்கு இழுத்து, சரிக்குறிப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. 320 வாட்டின் 80 விழுக்காடு 256 வாட். அதற்கு மேல் இழுக்கக் கார்டு தன்னைத்தானே அனுமதிக்காது. வோல்டேஜையும் வேகத்தையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளும். தொழிற்சாலை சோதித்து வைத்த அளவுகளுக்குள்ளேயே அது இறங்குவதால், நல்ல நிலையில் உள்ள கார்டு இதனால் தடுமாறாது. சோதனைக்கெல்லாம் நேரமில்லை என்பவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது முழுக்க நியாயம். குறை ஒன்றே ஒன்று: காட்சி கனமாகும்போது கிளாக் அதிகமாகச் சரியும், இலகுவாகும்போது ஏறும். ஒரே வாட்டில் அண்டர்வோல்ட் தரும் வேகத்தை இது தராது.

இரண்டாவது வழியான அண்டர்வோல்ட்டுக்கு, ஆஃப்டர்பர்னர் திறந்திருக்கும்போது `Ctrl + F` அழுத்த வேண்டும். ஒரு வளைகோடு விரியும். கீழ் அச்சில் மில்லிவோல்ட், பக்க அச்சில் மெகாஹெர்ட்ஸ். இடதுபுறம் தாழ்வாகத் தொடங்கி வலதுபுறம் ஏறிப்போகும் கோட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ‘இந்த வோல்டேஜ் கிடைத்தால் இந்த வேகத்தில் ஓடு’ என்று சிப்புக்கு இடும் ஆணை.

முதலில் மாற்றம் எதுவும் செய்யாமல், கனமான ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓட்டி, கார்டு நன்றாகச் சூடான பிறகு வாட், வெப்பநிலை, ஃபேன் சுழற்சி, ஃபிரேம் எண்ணிக்கை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிறகு லாபமா நட்டமா என்று சொல்ல முடியாது. அடுத்து, முதன்மைத் திரையில் Core Clock நகர்த்தியை -250-க்கு இறக்கிச் சரிக்குறி அழுத்துங்கள். வளைகோடு முழுவதும் தாழ்ந்துவிடும். இப்போது 900 மில்லிவோல்ட்டுக்கு நேராக உள்ள புள்ளியை மட்டும் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸ் வரை தூக்கி, மறுபடி சரிக்குறி. அதற்கு வலதுபுறம் தாழ்ந்து கிடந்த புள்ளிகள் எல்லாம் எழுந்து அதே உயரத்தில் ஒரு தட்டையான கோடாக நின்றுவிடும். இந்தத் தட்டைக் கோடுதான் முழு வித்தையும். 1800-க்கு மேல் எந்த வேகமும் இல்லை என்பதால், 0.9 வோல்ட்டுக்கு மேல் போகக் கார்டுக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

இந்த நிலையில் ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால், அதே முறையில் 875, பிறகு 850 என்று படிப்படியாக இறங்கலாம். 3080 கார்டுகளில் பல 850-இல் 1800 ஓடிவிடுகின்றன. உங்களுடையது ஓடுமா என்பதை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு குளிர்ந்திருக்கும்போது 1800 வைத்தால், சூடானதும் 1785 என்று காட்டலாம். சூட்டுக்கு ஏற்ப 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில் இறங்குவது அதன் இயல்பு, பழுது அல்ல.

அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் கார்டே சொல்லிவிடும். கேம் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்பும். அல்லது படம் உறைந்து நிற்கும், திரை கறுத்து, சில நொடிகளில் மீண்டு வரும். கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மறுதொடக்கம் செய்வதால் நேர்வது இது. விண்டோஸின் Event Viewer-இல் 4101 என்ற எண்ணுடன் இப்படி ஒரு வரி பதிவாகியிருக்கும்:

```
Display driver nvlddmkm stopped responding and has successfully recovered.
```

பயப்பட வேண்டாம். வோல்டேஜ் குறைவதால் சிப் கெடாது. கணக்கைத் தப்பாகப் போடும், அவ்வளவுதான். புள்ளியை ஒரு படி வலப்பக்கம் மாற்றி 10 அல்லது 25 மில்லிவோல்ட் கூட்டினாலோ, வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் குறைத்தாலோ தீர்ந்துவிடும். ஆனால் ஒரு கேம் இரண்டு மணி நேரம் ஓடியதை வைத்து வெற்றி என்று முடிவு கட்டக் கூடாது. ரே டிரேசிங் உள்ள கேம்கள் சிப்பில் மற்றவை தொடாத பகுதிகளை எழுப்புகின்றன. மற்ற எல்லாவற்றிலும் தாக்குப்பிடித்த அளவு அங்கே விழுவது சகஜம். அதனால் சில நாட்கள் பலவிதமாக ஆடிப் பார்க்கும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அளவுகளை ஏற்றும் பொத்தானை அழுத்தாமல் விடுங்கள். அதுவரை எது தவறினாலும் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய நிலை வந்துவிடும்.

கிடைக்கும் பயன்களில் முதலில் உணர்வது சத்தம்தான். ஃபேனின் இரைச்சல் சுழற்சியோடு மிக வேகமாக ஏறும் இயல்புடையது. நிமிடத்துக்கு 2000 சுற்று 1500 ஆனால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பக்கத்து அறையில் தூங்குபவருக்கே வித்தியாசம் தெரியும்.

மின்கட்டணத்தில் பெரிய மாயம் எதிர்பார்க்க வேண்டாம். கார்டில் மிச்சமாகும் 64 வாட், பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவரில் 70 வாட் அளவு. தினம் நான்கு மணி நேரம் ஆடுபவருக்கு, தமிழ்நாட்டில் கணக்கெடுக்கும் இரண்டு மாதச் சுழற்சியில் 17 யூனிட் அளவுக்கு வரும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் 136 ரூபாய். ஆனால் அனிமேஷன் ரெண்டரிங் போல இரவு பகலாகக் கார்டை ஓட்டுபவருக்கு அதே கணக்கு நூறு யூனிட்டைத் தாண்டும். அந்த அறையில் ஏசியும் ஓடினால், அது வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறைவதால் மிச்சம் இன்னும் கூடும்.

ஏஎம்டி ரேடியான் கார்டு வைத்திருப்பவருக்கு ஆட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜ் நகர்த்தி இருக்கிறது. ஆனால் அங்கே வோல்டேஜை மட்டும் குறைத்தால் வாட் குறையாமல் போகலாம். கிடைத்த இடைவெளியைக் கார்டு வேகத்தைக் கூட்டப் பயன்படுத்திக்கொள்ளும். கூடவே பவர் லிமிட்டையும் இறக்க வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் பவர் நகர்த்தி மங்கலாகி, தொட முடியாமல் இருக்கும். அங்கே வளைகோட்டை மட்டும் முயன்று பார்க்கலாம்.

லினக்ஸில் என்விடியா கார்டு ஓட்டுபவருக்கு ஆஃப்டர்பர்னர் கிடையாது. பவர் லிமிட்டை முனையத்திலிருந்தே வைக்கலாம்:

```
nvidia-smi -q -d POWER
sudo nvidia-smi -pm 1
sudo nvidia-smi -pl 256
```

முதல் வரி, கார்டு ஏற்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச வாட் அளவுகளைக் காட்டும். மூன்றாவது வரியில் தரும் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்தால் அளவு பழையபடி ஆகிவிடும் என்பதால், கடைசி இரண்டு வரிகளையும் தொடக்கத்திலேயே ஓடும் ஒரு சர்வீஸாக எழுதி வைத்துவிடுங்கள்.