லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம்?

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மே மாதச் சங்கக் கூட்டம் என்றால் ஒரு கேள்வி நிச்சயம்: "தண்ணீர் லாரிக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு?" பதிலைப் பொறுத்துத்தான் ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்துவதா, மாதச் சந்தாவைக் கூட்டுவதா என்று முடிவெடுப்பார்கள். பொருளாளரிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் அது தேதிவாரியாக எழுதிய கணக்கு. வாட்ச்மேன் சம்பளம், மின்கட்டணம், லிஃப்ட் சர்வீஸ் ஆகியவற்றின் நடுவே லாரிச் செலவு சிதறிக் கிடக்கிறது.

அதை மட்டும் பொறுக்கிக் கூட்டித் தருவதற்கு எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் SUMIF என்ற ஃபார்முலா உண்டு. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு வரிசையைச் சேர்க்காமல் விட்டாலும் வாய் திறந்து சொல்லாது. எனவே கூட்டும் வழியோடு, கூட்டல் சரிதானா என்று பார்க்கும் வழியையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

| வரிசை | A: தேதி | B: தலைப்பு | C: தொகை |
|---|---|---|---|
| 2 | மே 1 | வாட்ச்மேன் சம்பளம் | 14000 |
| 3 | மே 3 | தண்ணீர் லாரி | 1800 |
| 4 | மே 5 | மின்கட்டணம் | 6240 |
| 5 | மே 7 | தண்ணீர் லாரி | 1800 |
| 6 | மே 11 | லிஃப்ட் சர்வீஸ் | 4500 |
| 7 | மே 12 | தண்ணீர் லாரி | 1800 |
| 8 | மே 16 | கழிவுநீர் லாரி | 2200 |
| 9 | மே 18 | தண்ணி லாரி | 1800 |
| 10 | மே 23 | தண்ணீர் லாரி | 1900 |
| 11 | மே 28 | தண்ணீர் லாரி | 1900 ரூ |

முதல் வரிசையில் தேதி, தலைப்பு, தொகை என்ற பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஆறு லோடு தண்ணீர் வந்திருக்கிறது. நான்கு லோடு 1800 ரூபாய் வீதம், இரண்டு லோடு 1900 ரூபாய் வீதம். கையால் கூட்டினால் 11,000 ரூபாய். இப்போது ஃபார்முலாவைக் கேட்போம்.

```
=SUMIF(B2:B11,"தண்ணீர் லாரி",C2:C11)
```

அடைப்புக்குறிக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. எங்கே தேட வேண்டும் என்பது முதலாவது: தலைப்பு எழுதிய B நெடுவரிசை. எதைத் தேட வேண்டும் என்பது இரண்டாவது. சொல்லாக இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். எதைக் கூட்ட வேண்டும் என்பது மூன்றாவது: தொகை எழுதிய C நெடுவரிசை. நிரல் B2-விலிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி வரும். சொல் பொருந்தினால் அதே வரிசையில் இருக்கும் தொகையைச் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் தாண்டிப் போய்விடும்.

மேலே உள்ள கணக்கில் இந்த ஃபார்முலா தரும் விடை 5500. சரியான விடையில் பாதி. பிழைச் செய்தி எதுவும் வராது, கட்டம் சிவப்பாகவும் மாறாது. பொருளாளர் கூட்டத்தில் 5500 என்று வாசித்துவிடுவார், கேட்டவர்களும் நம்பிவிடுவார்கள்.

விட்டுப்போனவை மூன்று வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். 9-ஆம் வரிசையில் "தண்ணி லாரி" என்று பேச்சுவழக்கில் எழுதியிருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. 7-ஆம் வரிசையில் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் எழுதியவர் கடைசியில் ஒருமுறை ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார். அந்த வெற்றிடமும் ஓர் எழுத்தாகவே கணக்கில் சேரும் என்பதால் சொல் பொருந்தவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு காலிக் கட்டத்தில் =LEN(B7) என்று கொடுத்துப் பாருங்கள். "தண்ணீர் லாரி"க்கு, புள்ளிகளையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 12 வர வேண்டும். 13 வந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடம் பிடிபட்டது. 11-ஆம் வரிசையின் கோளாறு தலைப்பில் இல்லை, தொகையில் இருக்கிறது. எண்ணோடு "ரூ" என்று சேர்த்து எழுதியதால் நிரலின் பார்வையில் அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. எழுத்தைக் கூட்ட முடியாது என்பதால் பேசாமல் விட்டுவிட்டது.

தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவிலும் புதியவை யூனிகோடிலும் இருந்தால், திரையில் இரண்டும் ஒரே சொல்லாகத் தெரியும். ஆனால் பாமினியில் அடித்த கட்டத்துக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இவை ஒருபோதும் பொருந்தாது. பழையதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

இந்தக் கோளாறுகளை ஒவ்வொரு மாதமும் கண்ணால் தேடிக்கொண்டிருக்க முடியாது. கணக்கே காட்டிக்கொடுக்கும்படி அமைத்துவிடலாம். E2 முதல் E6 வரை எல்லாத் தலைப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: வாட்ச்மேன் சம்பளம், மின்கட்டணம், லிஃப்ட் சர்வீஸ், கழிவுநீர் லாரி, தண்ணீர் லாரி. பிறகு F2-வில் இதை எழுதி, F6 வரை இழுத்துவிடுங்கள்.

```
=SUMIF($B$2:$B$11,E2,$C$2:$C$11)
```

சொல்லை மேற்கோளுக்குள் எழுதாமல், சொல் இருக்கும் E2 கட்டத்தைச் சுட்டியிருக்கிறோம். கீழே இழுக்கும்போது அது E3, E4 என்று தானே மாறிக்கொள்ளும். ஆனால் தேடும் இடமும் கூட்டும் இடமும் நகரக் கூடாது. அவற்றைக் கட்டிப்போடுவதுதான் $ குறி. அது இல்லாவிட்டால் F6-க்கு வரும்போது தேடல் B6-இல்தான் தொடங்கும், 3, 5 ஆகிய வரிசைகளில் இருக்கும் லாரிகள் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

இப்போது சரிபார்க்கும் வரிசைகள்.

```
F7:  =SUM(F2:F6)
F8:  =SUM(C2:C11)
F9:  =F8-F7
F10: =COUNTA(C2:C11)-COUNT(C2:C11)
```

F7 தலைப்புவாரித் தொகைகளின் கூட்டல், நம் கணக்கில் 32,440. F8 தலைப்பைப் பார்க்காமல் எல்லாத் தொகையையும் கூட்டுவது, 36,040. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். F9 காட்டும் 3600 ரூபாய், எந்தத் தலைப்பிலும் சேராமல் நிற்கும் பணம். எந்த வரிசை என்று தெரிய D2-வில் இதை எழுதிக் கீழே இழுங்கள்.

```
=COUNTIF($E$2:$E$6,B2)
```

அந்த வரிசையின் தலைப்பு நம் பட்டியலில் இருந்தால் 1 வரும், இல்லாவிட்டால் 0 வரும். 7, 9 ஆகிய இரண்டு வரிசைகளில் மட்டும் 0 தெரியும். தலைப்பைத் திருத்தியதும் தண்ணீர் லாரித் தொகை 9100 ஆகும், F9 பூஜ்யமாகிவிடும்.

இத்துடன் நிறுத்திவிட்டால் 1900 ரூபாய் காணாமலே போயிருக்கும். எழுத்தாகிவிட்ட தொகையை SUM-உம் சேர்ப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் வித்தியாசம் தெரியாது. அதற்காகத்தான் F10. COUNTA ஏதாவது எழுதியிருக்கும் கட்டங்களை எண்ணும், COUNT எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். பத்தில் ஒன்பது போக மீதி 1. எங்கோ ஒரு தொகை எழுத்தாக நிற்கிறது என்று பொருள். கட்டங்களின் ஒழுங்கை யாரும் மாற்றியிருக்காவிட்டால் எண்கள் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். அதை வைத்தே 11-ஆம் வரிசையைக் கண்டுபிடித்துவிடலாம். "ரூ" என்பதை நீக்கி 1900 என்று மட்டும் அடித்தால், விடை 11,000.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. தேடும் இடத்தை B2:B11 என்று சரியாகக் கொடுத்துவிட்டு, கூட்டும் இடத்தை C1:C10 என்று ஒரு வரிசை மேலே தள்ளிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? தலைப்பு பொருந்தும் ஒவ்வொரு முறையும் அதற்கு மேல் வரிசையின் தொகை சேரும். மே 3-ஆம் தேதி லாரிக்கு வாட்ச்மேனின் 14,000 கணக்காகும். இங்கும் பிழைச் செய்தி வராது. இரண்டு இடங்களும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிகின்றனவா என்று ஃபார்முலாவை எழுதியதுமே பார்த்துவிடுங்கள்.

தலைப்புகள் தாறுமாறாக இருக்கும்போது சிலர் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துவார்கள். "*லாரி*" என்று கொடுத்தால், முன்னும் பின்னும் என்ன இருந்தாலும் லாரி என்ற சொல் உள்ள எல்லாம் பொருந்தும். வெற்றிடமும் பேச்சுவழக்கும் தடையாகாது. ஆனால் கழிவுநீர் லாரியின் 2200 ரூபாயும் குடிநீர்க் கணக்கில் வந்து சேர்ந்துவிடும். அவசரத்துக்கு ஒருமுறை பார்க்க இது போதும், கூட்டத்தில் வாசிக்கும் கணக்குக்குப் போதாது.

தவறே நேராமல் தடுக்க வேண்டுமானால் தலைப்பைக் கையால் அடிப்பதையே நிறுத்திவிட வேண்டும். B நெடுவரிசையைத் தேர்ந்து, Data பகுதியில் Data Validation என்பதற்குள் போய், எக்செல்லில் List என்பதைத் தேர்ந்து =$E$2:$E$6 என்று கொடுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் அதே பெயரில் இந்த வசதி உண்டு. அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியல் விரியும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் பதிவுகளை எக்செல் இந்தச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. எனவே பட்டியல் வைத்த பிறகும் F9-ஐயும் F10-ஐயும் எடுத்துவிடக் கூடாது.

வருடம் முழுவதற்கும் ஒரே ஷீட் வைத்திருப்பவர்கள், எல்லா ஃபார்முலாக்களிலும் 11 என்று இருக்கும் இடத்தில் 2000 என்று கொடுத்துவிடலாம். காலிக் கட்டங்களால் கெடுதல் இல்லை. இதைச் செய்யாவிட்டால் 12-ஆம் வரிசையில் எழுதும் செலவு இரண்டு கூட்டலிலும் சேராது, F9-உம் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். மே 16-க்குப் பிறகு வந்த லாரிகள் மட்டும் என்பதுபோல் இரண்டு நிபந்தனைகள் வேண்டுமென்றால், எக்செல் 2007-இல் வந்த SUMIFS இருக்கிறது. அதில் கூட்ட வேண்டிய இடத்தை முதலில் எழுத வேண்டும், நிபந்தனைகள் அதன்பின் வரும். SUMIF-இல் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

சங்கக் கணக்கானாலும் கடைக் கணக்கானாலும் கல்யாணக் கணக்கானாலும், தலைப்புவாரித் தொகையை நாலு பேர் முன் வாசிப்பதற்கு முன் F9, F10 இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் இருந்தால் வாசியுங்கள். இல்லாவிட்டால், விட்டுப்போன வரிசையைக் கண்டுபிடிக்கும்வரை அந்தத் தொகையைச் சொல்லாதீர்கள்.