ஓடும் மோட்டார், ஓடாத பெல்ட் (நிலக்கரிப் பாதை – 9)

போன வாரம் அவசரக் கயிற்றைப் பார்த்தோம். அதை இழுக்க ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, யாரும் இல்லாத இடத்தில் பெல்ட் சிக்கிக்கொண்டால்? மோட்டார் இழுக்கும் ஆம்பியரே முதல் காவல்.

கணக்குக்காக 75 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் முழுச் சுமைக்கு ஏறக்குறைய 130 ஆம்பியர் இழுக்கும். நிலக்கரி வழக்கமான அளவில் போகும்போது 90-ல் நிற்கிறது என்று வைப்போம். இறக்குமுனைச் சரிவுக்குழாய் அடைத்துக் கரி குவிந்தால் பெல்ட்டுக்கு இழுவைத் தடை கூடி, ஆம்பியர் 110, 150, 200 என்று ஏறும். 195-ஐத் தாண்டி மூன்று வினாடி நீடித்தால் மோட்டாரை நிறுத்து என்று வைத்துவிடலாம். ஒரு பெரிய கட்டி விழுந்து ஆம்பியர் ஒரு கணம் துள்ளினால் பாதை நிற்காது.

ஆனால் மழை நாளில் கதை வேறு. முன்னுருளை ஈர பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிச் சுற்றுகிறது, பெல்ட் நகரவில்லை. அப்போது ஆம்பியர் அந்த 195-ஐத் தொடாது, குறையக்கூடச் செய்யும். அம்மீட்டரைப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்றே நினைப்பார். அங்கே ரப்பர் தேய்ந்து சூடேறிக்கொண்டிருக்கும், தீப்பிடிப்பதும் உண்டு. பெல்ட் அறுந்தாலும் இதே ஏமாற்றுதான்.

அதனால்தான் ஜீரோ ஸ்பீடு சுவிட்ச். அதை மோட்டார் சுழற்றும் முன்னுருளையில் பொருத்துவது வீண். பெல்ட்டால் மட்டுமே சுற்றும் வால் உருளையில் வைக்க வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள உருளை, வினாடிக்கு 2.5 மீட்டர் ஓடும் பெல்ட்டில் வினாடிக்கு 1.6 முறை சுற்றும். அதில் இரண்டு இரும்புத் தகடு பற்றவைத்தால், சென்சாருக்கு வினாடிக்கு மூன்று துடிப்புக்குச் சற்று மேல் வரும். ஒவ்வொரு துடிப்பும் டைமரைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். நான்கு வினாடி துடிப்பே இல்லையென்றால் டிரிப்.

இங்கே ஒரு பொறி. பெல்ட் நிற்கும்போது தகடு சரியாகச் சென்சாருக்கு நேரே நின்றுவிட்டால் சிக்னல் ‘ஆன்’ ஆகவே இருக்கும். ‘ஆன்’ என்றால் ஓட்டம் என்று நிரல் எழுதியிருந்தால் நின்ற பெல்ட் ஓடுவதாகவே தெரியும். மாற்றத்தை எண்ண வேண்டும், நிலையை அல்ல.

தாமதம் எவ்வளவு? தொடங்கும் நேரத்தைத் தனியாக வைக்க வேண்டும். நேரடியாக லைனில் இணையும் மோட்டார் அப்போது ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும், உருளையும் மெல்லத்தான் வேகமெடுக்கும். பத்து வினாடி இரண்டு காவலையும் கண்மூடவைப்பது வழக்கம். அந்தக் கண்மூடல் தொடக்கத்தோடு முடிந்ததா என்று சோதித்துப் பாருங்கள்.

ஓட்டத்தில் தாமதத்தை நீட்டுவது ஆபரேட்டருக்கு நிம்மதி, துப்புரவுக்காரருக்குத் தண்டனை. மணிக்கு 720 டன் பாதையில் வினாடிக்கு 200 கிலோ விழுகிறது. நான்கு வினாடிக்கு 800 கிலோ. பத்தாக்கினால் இரண்டு டன், எல்லாம் நின்ற பெல்ட்டின் ஒரே இடத்தில். இந்த டிரிப் வந்த அதே கணத்தில் மேல்பாதை பெல்ட்டும் நின்றாக வேண்டும். அந்த இன்டர்லாக் வரிசையை அடுத்த வாரம் பார்ப்போம்.