அழைப்போம் என்றால் எத்தனை மணிக்கு?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது பொழியூர். கடற்கரையோடு தெற்கே நடந்தால் சிறிது தூரத்தில் நீரோடி. அது கன்னியாகுமரி மாவட்டம். ஒரே கடல், ஒரே மீன்பிடித் தொழில். ஆனால் தொலைத்தொடர்புக் கணக்கில் இந்தக் கரை கேரள வட்டம், அந்தக் கரை தமிழ்நாட்டு வட்டம்.

இந்த ஊரில் ஒருவர் வீட்டு இணையம் வேலை செய்யவில்லை என்று நிறுவனத்தின் உதவி மையத்தை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஊழியர்களும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள். “காத்திருக்க வேண்டாம், நாங்களே அழைக்கிறோம்” என்று பதிவுக் குரல் சொல்கிறது. சற்று நேரத்தில் குறுஞ்செய்தி வருகிறது: “உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது. எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார். தயவுசெய்து உங்கள் போனை ஃப்ரீயாக வைத்திருக்கவும்.”

மரியாதையான செய்திதான். ஆனால் இதைப் படித்தவரின் போன் ஃப்ரீயாக இருக்காது. ‘விரைவில்’ என்றால் ஐந்து நிமிடமா, நாளைக் காலையா என்று தெரியாது. கால் மணி நேரம் பார்ப்பார். பிறகு தன் கோரிக்கை பதிவானதா என்று உறுதிசெய்துகொள்ள மறுபடி உதவி மையத்தையே அழைப்பார். அதே நொடியில் மையத்தின் ஊழியர் அவரை அழைத்தால் ‘பிஸி’ என்று வரும். அவருடைய போனை அடைத்துக்கொண்டிருப்பது மையத்தின் காத்திருப்பு இசைதான். ஊழியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நம்மவர் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்பார். வரிசையும் ஓர் ஆள் நீளும்.

ஆகவே போனை ஃப்ரீயாக வைக்கச் செய்வது என்பது, பெரும்பாலும், அவர் நம்மை மறுபடி அழைக்காமல் இருக்கச் செய்வதுதான். அதற்கு வேண்டுகோள் போதாது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கின் வேர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞரிடம் போகிறது. அழைப்புகள் தற்செயலாக வந்து சேரும் விதத்துக்குக் கணக்கு உண்டு என்று 1909-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அதை நம் பொழியூர்க்காரருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

மையத்தில் மூன்று ஊழியர்கள், மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அழைப்பு சராசரியாக 6 நிமிடம் பிடிக்கிறது. நம்மவருக்கு முன்னால் 11 பேர். அவருடைய முறை வர வேண்டுமானால் 12 அழைப்புகள் முடிய வேண்டும். மூவர் பேசுவதால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஓர் அழைப்பு முடியும். எனவே காத்திருப்பு 24 நிமிடம். காலை 11 மணிக்குப் பதிவு செய்தவரிடம் “11.24-க்கு அழைப்போம்” என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாகும். சிலருடைய பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீரும். சிலருக்கு இருபது நிமிடம் ஆகும். எர்லாங் வழியில், அழைப்பின் நீளம் இப்படித் தாறுமாறாக மாறும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், பத்தில் ஒன்பது தடவை நம்மவருடைய முறை 14-ஆம் நிமிடத்துக்கும் 36-ஆம் நிமிடத்துக்கும் இடையில் வரும். 24 என்பது அந்த 22 நிமிட அகலத்தின் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் சொன்னால், ஏறக்குறைய பாதிப் பேரிடம் வாக்குத் தவறிவிடுவோம். இரு பக்கமும் கொஞ்சம் தள்ளி “11.10 முதல் 11.40 வரை” என்று சொன்னால் அநேகமாக எல்லோரிடமும் வாக்கைக் காப்பாற்றலாம்.

வியப்பு இதற்குப் பிறகுதான். புயலடித்து ஊரெங்கும் இணைப்பு போன ஒரு நாளில் வரிசை நான்கு மடங்காகிறது. 12-க்குப் பதில் 48 அழைப்புகள் முடிய வேண்டும். காத்திருப்பும் நான்கு மடங்கு, அதாவது 96 நிமிடம். அப்படியானால் நிச்சயமின்மையும் நான்கு மடங்காகி, ஒன்றரை மணி நேர அகலத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைப்போம். அப்படி ஆவதில்லை. பத்தில் ஒன்பது தடவை முறை வருவது 74-ஆம் நிமிடத்துக்கும் 120-ஆம் நிமிடத்துக்கும் இடையில். அகலம் 46 நிமிடம். முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்குதான். நீண்ட அழைப்புகளும் குறுகிய அழைப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. வரிசை எத்தனை மடங்கு நீள்கிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் நிச்சயமின்மை வளரும்.

கூட்டம் அதிகமான நாளில்தான் மையங்கள் ‘விரைவில்’ என்ற சொல்லில் ஒதுங்குகின்றன. கணக்கு வேறு சொல்கிறது. கூட்டம் கூடும்போது காத்திருப்பு நீளும். ஆனால் காத்திருப்போடு ஒப்பிட்டால் முன்கணிப்பு இன்னும் துல்லியமாகிறது. “மதியம் 12.10 முதல் 1.00 மணி வரை” என்று புயல் நாளிலும் தைரியமாகச் சொல்லலாம். அதுவரை அவர் வலையைச் சரிபார்க்கலாம், கடைக்குப் போகலாம், உறவினரிடம் பேசலாம். அந்த ஐம்பது நிமிடம் மட்டும் அவர் கையில் போன் இருந்தால் போதும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. ஊழியர் எண்ணிக்கை மாறாமலிருக்கும் வரைதான் இது செல்லும். நடுவில் ஒருவர் சாப்பிடப் போனாலும், பழுது எல்லோருக்கும் ஒரேயடியாகச் சரியாகிவிட்டாலும் கணக்கு மாறும். ஆகவே நேரம் பெரிதாக நகர்ந்தால் முதலில் சொன்ன நேரம் வருவதற்கு முன்பே இரண்டாவது செய்தி போக வேண்டும். சீக்கிரம் முறை வந்துவிட்டால் முந்தி அழைப்பதும் உதவியாகாது, 11.10 என்று சொன்னபின் 11.02-க்கு அழைத்தால் அவர் இன்னும் தயாராக இருக்கமாட்டார்.

இனி எழுத்து. குறுஞ்செய்தியின் ஒரு துண்டில் 140 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்தில் அது 160 குறிகளாக விரியும். தமிழோ மலையாளமோ என்றால் 70 குறிகள். நீளமான செய்தியைத் துண்டுகளாக இணைக்கும்போது துண்டுக்கு 67. இதில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு குறி. ‘க்’ என்பதும் இரண்டு. ‘தயவுசெய்து’, ‘எங்கள் பிரதிநிதி’ போன்ற சொற்களுக்கே முதல் துண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரிதான் தெரியும் என்பதால் நேரம் அங்கே இருக்க வேண்டும். என் பரிந்துரை இது:

“இன்று காலை 11.10–11.40க்குள் அழைப்போம். எண் 4820-ல் முடியும். வரிசையில் உங்கள் இடம் உறுதி. மீண்டும் அழைக்க வேண்டாம். நேரம் சரிவராதா? 2 என்று பதில் அனுப்புங்கள். தவறினால் 12.00க்குள் மறுபடி அழைப்போம்.”

ஏறக்குறைய 200 குறிகள்; மூன்று துண்டுகளில் அடங்கிவிடும். ‘அரை மணி நேரத்தில்’ என்று சொல்லாமல் கடிகார நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்தி பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், அவர் அதை இருபது நிமிடம் கழித்துப் படித்தாலும், 11.40 என்பது 11.40-தான்.

எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்வது, மணி அடிக்கும்போது அவர் எடுப்பதற்காக. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுக்காமலிருக்கப் பலரும் பழகிவிட்டார்கள். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்கள் இருக்க, சேவை அழைப்புக்கென 160 என்று தொடங்கும் வரிசையை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024-ல் அறிவித்ததும் இந்தப் பயத்தைக் கருதித்தான். செல்போனில் பதில் இல்லாத அழைப்பு 30 நொடிதான் அடிக்கும். அது டிராய் 2019-ல் வகுத்த விதி. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க அது போதாது. யோசனையைச் செய்தியே முன்கூட்டித் தீர்த்துவைக்க வேண்டும்.

‘உங்கள் இடம் உறுதி’ என்பது மறு அழைப்பைத் தடுக்கும் வாக்கியம். வெறுமனே ‘அழைக்க வேண்டாம்’ என்றால் அது அதட்டல். இடம் பறிபோகாது என்று தெரிந்தால்தான் அவர் அழைக்கமாட்டார். கடைசி வாக்கியமும் அதே வேலையைச் செய்கிறது. குளிக்கப் போன நேரத்தில் அழைப்பு தவறிவிட்டால், பதறிப்போய் மையத்தை அழைக்க வேண்டியதில்லை.

சொல்லை மாற்றினால் மனிதர் நடத்தை மாறுமா என்று லண்டனின் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. வெளிநோயாளிகளுக்குப் போகும் நினைவூட்டல் குறுஞ்செய்தியில், ஒருவர் வராமல் போனால் சுகாதாரத் துறைக்கு ஏறக்குறைய 160 பவுண்டு செலவு என்ற ஒரே தகவலைச் சேர்த்தார்கள். வழக்கமான செய்தி பெற்றவர்களில் 11.1 சதவீதம் பேர் வராமலிருந்தார்கள். புதிய செய்தி பெற்றவர்களில் அது 8.4 சதவீதமாகக் குறைந்தது. திட்டவட்டமான ஒரு விவரம் செய்த வேலை அது.

பொழியூர் போன்ற எல்லையோர ஊருக்கு இன்னும் சில கவனங்கள் தேவை. அங்கே போன் எந்தக் கரையின் டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மின்வாரியத்தின் 1912 போன்ற குறுகிய எண்கள் டவர் இருக்கும் வட்டத்தைப் பொறுத்தே இணைக்கப்படுவதால், கேரளத்தில் நின்று அழைத்தவர் தமிழ்நாட்டு மையத்தில் போய் விழக்கூடும். எனவே செய்தியில் தொடர்பு எண் கொடுத்தால் எஸ்.டி.டி. குறியோடு முழு எண்ணாகக் கொடுக்க வேண்டும். தமிழும் மலையாளமும் புழங்கும் இடம் என்பதற்காக இரண்டிலும் ஒரே செய்தியை அனுப்பினால் நீளம் இரட்டித்து, இரண்டாம் மொழியின் நேரம் திரைக்குக் கீழே போய்விடும். பதிவின்போதே மொழியைக் கேட்டுக்கொள்வது நல்லது. கடலுக்குப் போனவரின் போனில் சிக்னல் இருக்காது. கிளம்பும் முன் அனுப்பும் 2 என்ற பதில்தான் அவருக்கு உண்மையான உதவி, கரை திரும்பிய பிறகு பேசலாம்.

எழுதிய செய்தி பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? முதல் அழைப்பில் தொடர்பு கிடைக்காதவர்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ‘பிஸி’ என்று வந்தவர்களில் எத்தனை பேர் அப்போது நம் மையத்தையே அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்று மையத்தின் பதிவேட்டிலேயே தெரியும்; அந்த எண்ணிக்கை கூடினால் நேரமோ ‘இடம் உறுதி’ என்ற வாக்கோ நம்பப்படவில்லை. மணி அடித்தும் எடுக்காதவர்கள் கூடினால் எண்ணை அவர்கள் அடையாளம் காணவில்லை. ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்பது கூடினால் சொற்களில் பழுதில்லை, நேரத்தில்தான் பழுது.

உதவி மையம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் செய்தியில் ‘விரைவில்’ என்ற சொல் இருந்தால் இன்றே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கடிகார நேரங்களை எழுதுங்கள். போனை ஃப்ரீயாக வைக்கச் சொல்லும் வரி அதன்பிறகு தேவைப்படாது.