நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதானா?

பவர் வீடர் வாங்க ஒரு லட்சம் கடன். கைப்பேசியில் வந்த கடன் விவரத்தைப் படம் பிடித்து, "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதானே சார், வாங்கலாமா?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். படத்தில் இருந்தது: 1% p.m. flat, 24 மாதம், கட்டணம் 3,000.

அந்த flat என்ற சொல்லில்தான் சூட்சுமம். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். மாதம் 1,000 வீதம் 24 மாதத்துக்கு வட்டி 24,000. மொத்தம் 1,24,000, தவணை 5,167.

இதே 12 சதவீதத்தைக் குறையும் அசலுக்குப் போட்டால் தவணை 4,707, மொத்த வட்டி சுமார் 12,976தான். கிட்டத்தட்ட பாதி!

கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கையில் தருவதோ 97,000. உண்மையான வட்டியை அறிய எக்செல்லில் இப்படிப் போடுங்கள்:

```
=RATE(24,-5167,97000)*12
```

ஏறக்குறைய 25 சதவீதம் வரும். கட்டத்தில் வெறும் 0 தெரிந்தால் அதைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் Key Facts Statement கேளுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ, ரிசர்வ் வங்கி விதிப்படி தந்தாக வேண்டும். அதில் APR என்ற வரியில் இருப்பதுதான் நிஜ வட்டி.