ஹோல்டரில் ஒட்டிக்கொண்ட பல்பு

மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 100 வாட் குண்டு பல்பு பல வருடம் எரிந்திருந்தால், அதைக் கழற்றுவது எளிதல்ல. சூடு மேலேறி, பல்பின் அடியிலுள்ள ஈயப் பொட்டுகளை இளக்கி, ஹோல்டரின் ஸ்பிரிங் முனைகளோடு ஒட்டவைத்துவிடும். பக்கத்து ஊசிகளும் பித்தளைக் காடியில் கருகிப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மெயினை அணையுங்கள். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அதை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு ஆறியதும் கண்ணாடி அணிந்து, தடித்த துணியால் பல்பைப் பிடித்து மேலே அழுத்துங்கள். அழுத்தாமல் திருப்பினால் ஊசி காடியை விட்டு வராது. அழுத்தியபடியே இடப்பக்கம், வலப்பக்கம் சிறிது சிறிதாக அசைத்து, பிடி தளர்ந்ததும் இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

கண்ணாடி மட்டும் கையோடு வந்தால் பதற வேண்டாம். மிச்சக் கண்ணாடியை நீக்கி, மூக்குக் குறடால் உலோக மூடியின் விளிம்பை உள்பக்கம் மடக்கினால் ஊசிகள் காடியிலிருந்து விலகும், மூடியை உருவிவிடலாம்.

பிறகு ஹோல்டரின் முனைகளை மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். துள்ளித் திரும்பாவிட்டால் ஸ்பிரிங் செத்துவிட்டது. அந்த ஹோல்டரில் புதுப் பல்பு மாட்டாதீர்கள், ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.