பிழைப் பட்டையும் சதவீதப் பிழையும்

பிழைப் பட்டை என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் சிறு கோடு ஆகும். சதவீதப் பிழை என்பது அளந்த மதிப்பு ஏற்கப்பட்ட மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் குறிக்கும். முன்னது அளவீட்டின் சிதறலையும், பின்னது முடிவின் விலகலையும் சொல்கிறது. இவ்விரண்டையும் தனி ஊசல் சோதனையில் காணலாம்.

கணக்கீடு

ஊசலின் நீளம் 1.000 மீ, அதன் நிச்சயமின்மை 1 மி.மீ. எனக் கொள்வோம். 20 அலைவுகளுக்கான நேரம் ஐந்து முறை அளக்கப்படுகிறது: 40.1, 40.3, 40.0, 40.2, 40.4 வினாடிகள். சராசரி 40.2. பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி 0.2, இதுவே நேரத்தின் நிச்சயமின்மை. இரண்டையும் 20 ஆல் வகுத்தால் அலைவு நேரம் T = 2.010 ± 0.010 வினாடி.

g = 4π²L/T² = 9.77 மீ/வி²

T இருமடியாக வருவதால் அதன் 0.5% நிச்சயமின்மை 1% ஆகிறது. நீளத்தின் 0.1% சேர்ந்தால் மொத்தம் 1.1%. எனவே g = 9.77 ± 0.11 மீ/வி².

எந்த மதிப்புடன் ஒப்பிடுவது?

புவியீர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் 9.81 அன்று. சுமார் 13.2° வட அகலாங்கில், கடலோரத்தில் உள்ள எர்ணாவூரில் அது ஏறத்தாழ 9.783 ஆகும். ஊசலைக் கொண்டு இவ்வட்டார ஈர்ப்பை அளக்கும் முயற்சி பழையது. சென்னை வானியல் நிலையத்தின் ஜான் கோல்டிங்காம் தம் ஊசல் அளவீடுகளை 1822-இல் வெளியிட்டார்.

சதவீதப் பிழை = |அளந்தது − ஏற்கப்பட்டது| ÷ ஏற்கப்பட்டது × 100

9.783 உடன் ஒப்பிட்டால் பிழை 0.1%. 9.81 உடன் ஒப்பிட்டால் 0.4%. சோதனை ஒன்றே, ஒப்பிடும் மதிப்பு மாறியதால் பிழை நான்கு மடங்கு போலத் தெரிகிறது. ஆகவே எந்த மதிப்பைப் பயன்படுத்தினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இங்கு சதவீதப் பிழை 1.1% நிச்சயமின்மையைவிடக் குறைவு. முடிவு ஏற்கப்பட்ட மதிப்புடன் ஒத்துப்போகிறது.

வரைபடத்தில் பட்டைகள்

பல நீளங்களுக்கு T² கண்டு, L-ஐக் கிடையச்சிலும் T²-ஐச் செங்குத்தச்சிலும் குறிக்கலாம். T²-இன் நிச்சயமின்மை 2T × ΔT. ஆகவே 1 மீ நீளத்தில் பட்டை ±0.04 வி², 0.4 மீ நீளத்தில் ±0.025 வி². எல்லாப் புள்ளிக்கும் ஒரே நீளப் பட்டை போடுவது தவறு. நீளத்தின் 1 மி.மீ. பட்டை வரைய முடியாத அளவு சிறியது. அதனை வாக்கியமாக எழுதினால் போதும். பட்டைகளின் வழியே செல்லக்கூடிய மிகச் சரிவான கோட்டுக்கும் மிகத் தாழ்வான கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி, சாய்வின் நிச்சயமின்மை ஆகும்.

பட்டை காட்டாத பிழை

நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேற்பரப்பு வரை மட்டும் அளந்தால் ஒவ்வொரு நீளமும் ஒரே அளவு குறையும். இது முறையான பிழை. எத்தனை முறை நேரம் அளந்தாலும் பட்டையில் தெரியாது. ஆனால் கோடு தொடக்கப் புள்ளியைத் தவறவிடும். குண்டின் ஆரம் 1 செ.மீ. எனில் கோடு T² அச்சை 0.04-இல் வெட்டும். சாய்வு மாறாததால், அதிலிருந்து பெறும் g இப்பிழையால் பாதிக்கப்படாது.