மழை நாளில் குடைக்கடை எழுத வேண்டிய நான்கு வரி

வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஒரு நவம்பர் காலை, தாம்பரத்தில் குடையும் ரெயின்கோட்டும் விற்கும் என் தம்பி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இப்படிப் போட்டான்: "மழைக்கு நனையாதீர்கள்! எல்லா வகைக் குடைகளும் ரெயின்கோட்டுகளும் கிடைக்கும். உடனே வாருங்கள்!" அன்று அவனுக்கு வியாபாரத்தைவிட அதிகமாக வந்தது போன்தான். "எக்ஸ்எல் இருக்கா?", "என்ன விலை?", "கடை வாசலில் தண்ணி நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பில் போட்டதில் கடைக்குள் கூட்டம் தேங்கிவிட்டது.

அந்த மூன்று கேள்விக்கும் பதில்தான் அந்த வாசகத்தில் இருந்திருக்க வேண்டும். மழை கொட்டும்போது குடையின் பெருமையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 'நான் போய்ச் சேரும்போது என் சைஸ் இருக்குமா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?' என்பதுதான் வாங்க வருபவரின் கவலை. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"ரெயின்கோட் செட் ரூ.900: எல் 9, எக்ஸ்எல் 6 இருக்கு. எக்ஸ்எக்ஸ்எல் தீர்ந்தது.
மூன்று மடிப்புக் குடை ரூ.350: 20 இருக்கு. (மாலை 4 மணி நிலவரம்)
பெயர், சைஸ் வாட்ஸ்அப் பண்ணுங்க. 'ரெடி' என்று பதில் வந்ததும் கிளம்புங்க. ஒரு மணி நேரம் எடுத்து வைப்போம்.
வண்டியிலிருந்து இறங்க வேண்டாம், வாசலிலேயே தருகிறோம். வாசலில் தண்ணீர் இல்லை."

சரக்கு முதல் வரியிலேயே வந்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மிச்சத்தைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்பவர் அதைத் தட்ட மாட்டார்.

அந்த 9 என்ற எண்ணை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அலமாரியில் எல் சைஸ் 14 இருந்தன. மூன்றை ஏற்கெனவே பெயர் எழுதி ஒதுக்கியிருந்தோம். ஜிப்போ பட்டனோ சரியில்லாமல் திரும்பி வந்தால் மாற்றிக் கொடுக்க இரண்டைத் தனியே வைத்தோம். மீதி 9. அலமாரியில் இருப்பதை அப்படியே எழுதினால், ஒதுக்கி வைத்த கோட்டை நம்பி ஒருவர் மழையில் வந்து வெறுங்கையோடு திரும்புவார். எக்ஸ்எக்ஸ்எல் தீர்ந்ததை எழுதத் தம்பி தயங்கினான். ஆனால் அந்த ஒரு சொல்தான் வீண் அலைச்சலைத் தடுக்கிறது. மற்ற எண்களும் நிஜம்தான் என்ற நம்பிக்கையையும் அதுதான் தருகிறது.

'ஐந்தே நிமிடத்தில் கிடைக்கும்' என்று முதலில் எழுதியிருந்தோம். கடிகாரம் வைத்துப் பார்த்தோம். மேல்மாடியிலிருந்து எடுத்து வந்து, பிரித்து, போட்டுப் பார்த்து, பில் போட ஆறு நிமிடம் ஆனது. கடையில் ஒரே ஆள் இருக்கும்போது மூன்று பேர் ஒன்றாக வந்தால், மூன்றாமவர் கையில் கோட்டு கிடைக்கப் பதினெட்டு நிமிடம் ஆகும். நேரத்தைத் தின்றது பில் அல்ல, சைஸ் போட்டுப் பார்ப்பதுதான். அதனால் ஒவ்வொரு சைஸுக்கும் மார்பளவு எத்தனை அங்குலம் என்று எழுதி, சரக்குப் படத்தோடு சேர்த்துப் போட்டோம். சட்டைக்கு மேல், சிலர் தோள்பைக்கும் மேல் போடும் உடை என்பதால், ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கச் சொன்னோம். ஜிப்பைச் சோதித்து முன்கூட்டியே பையில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்தால் வாசலில் கொடுக்க ஒரு நிமிடம்தான். நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, "ரெடி என்று பதில் வந்ததும் கிளம்புங்க" என்று போட்டது அதன் பிறகுதான். ஆள் குறைந்தாலும் கூட்டம் கூடினாலும் காப்பாற்றக்கூடிய வாக்கு அது.

விலையை எழுதாமல் விட்டால், மழையைப் பார்த்து ஏற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படியும் குற்றம்.

நேரத்தைக் குறிப்பிடுவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். காலை 9 மணிக்குப் போட்டது மறுநாள் காலை வரை 'சரக்கு இருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரெயின்கோட்டோ மதியமே தீர்ந்திருக்கும். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எண்ணிக்கையைப் படத்துக்குள் அச்சடிக்காமல் கீழே எழுத்தாகப் போட்டால் இன்ஸ்டாகிராமில் அதை மட்டும் திருத்தலாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கடை எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே பில்லின் அடியில் அச்சடித்துவிடலாம்.

அன்று மாலை ஆறரைக்கு எல் சைஸ் முடிந்தது. தம்பி ஸ்டேட்டஸை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டான்: "எல் தீர்ந்தது. எக்ஸ்எல் 2, குடை 7 இருக்கு. (மாலை 6.30) கடை 9 மணி வரை."